டிவிக்கு லேன் கேபிளா, வைஃபையா?

ரவுட்டர் முன்னறையில், டிவி இரண்டு கான்கிரீட் சுவர் தள்ளிப் படுக்கையறையில். இணைப்பு 200 எம்பிபிஎஸ். டிவி பக்கத்தில் போனை வைத்துச் சோதித்தால் 5 கிகாஹெர்ட்ஸில் 60 வருகிறது, கதவைச் சாத்தினால் 15. 4கே படத்துக்கு 25 வரை வேண்டுமே, அந்தச் சரிவில்தான் படம் மங்கி வட்டம் சுற்றுகிறது. 2.4-க்கு மாற்றினால் பகலில் சீராக 30. இரவில் அக்கம்பக்கத்து வைஃபைகளோடு மோதி அதுவும் திணறுகிறது.

டிவியின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். ஆனாலும் ஏறி இறங்காமல் கிடைக்கும் 90 எனக்குத் தாராளம், அதனால் மனசு கேபிள் பக்கம். கதவிடுக்கு வழியாக 18 மீட்டர் கேட்6 இழுக்க வேண்டும். தட்டையான கேபிள் கதவில் நசுங்கிப் பழுதாகுமா? இழுத்தவர்கள் சொல்லுங்களேன். இல்லை, முதலில் ரவுட்டரையே நடுக்கூடத்துக்கு நகர்த்திப் பார்க்கட்டுமா?