பாபிள், பாப்கார்ன் கண்ணிகளுக்குத் தமிழில் என்ன பெயர்? (கூடவே: என் பாபிள் ஏன் அமுங்குகிறது?)

கற்பகம்:

எல்லோருக்கும் வணக்கம். குரோஷே சொல் பட்டியலில் இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பாப்கார்னுக்கு "பொரி", பாபிளுக்கு "குமிழ்" என்று குறித்து வைத்தேன். ஆனால் இரண்டுமே துணியில் புடைத்து நிற்கிற உருண்டைதானே, ஒரு பெயர் போதாதா என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள்.

சரி, போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும் என்று ஒரு பழைய பாட்டர்னைப் பார்த்து பாபிள் போட்டேன். 4 மி.மீ. ஊசி, சாதாரண அக்ரிலிக் நூல். உருண்டை வரவே இல்லை. ஐந்து கால்கள் ஒட்டி நின்ற மாதிரி தட்டையாகக் கிடக்கிறது, விரலால் தள்ளினால் கொஞ்சம் எழும்பி மறுபடி படுத்துவிடுகிறது. பெயருக்குப் பொருத்தமாக நிற்க மாட்டேன் என்கிற பொருளுக்கு நான் என்ன பெயர் வைப்பது?

இம்ரான்:

அக்கா, இரண்டும் ஒன்றுதான், "குமிழ்" ஒன்றே போதும். அமுங்குவதற்குக் காரணம் கை தளர்வு. 3.5 ஊசிக்கு இறங்குங்கள், ஐந்துக்குப் பதில் ஏழு கால் போடுங்கள், எழும்பி நிற்கும். "பொரி" என்றால் நம் ஆட்கள் அரிசிப் பொரியைத்தான் நினைப்பார்கள், வேண்டுமானால் "சோளப்பொரி" என்று முழுதாகச் சொல்லலாம்.

செல்வராணி:

> இரண்டும் ஒன்றுதான்

இல்லை தம்பி, ஒன்று இல்லை. அந்த வித்தியாசத்தில்தான் கற்பகத்தின் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

பாபிளில் ஒரே கண்ணிக்குள் ஐந்து கால் போடுகிறோம், ஆனால் எதையும் முடிப்பதில்லை. ஒவ்வொன்றிலும் கடைசி வளையத்தை ஊசியிலேயே விட்டுவிட்டு, ஆறு வளையம் சேர்ந்ததும் நூலைச் சுற்றி எல்லாவற்றுக்குள்ளும் ஒரே இழுப்பு. மேலேயும் முடிச்சு, கீழேயும் முடிச்சு, நடுவில் ஐந்து கால். பாப்கார்னில் ஐந்தையும் முழுதாக முடிக்கிறோம். அப்புறம் ஊசியை வளையத்திலிருந்து உருவி, முதல் காலின் தலைக்குள் விட்டு, விட்டுவந்த வளையத்தைப் பிடித்து இழுக்கிறோம். வரிசையாக நின்ற ஐந்து கால்கள் கிண்ணம் மாதிரி வளைந்துவிடும்.

அதனால் பாப்கார்ன் பெரும்பாலும் தன் மடிப்பாலேயே நிற்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பாபிள் அப்படி இல்லை. அதைப் புடைக்க வைப்பது பக்கத்துக் கண்ணிகள்தான். நெட்டையான பாபிளின் இரண்டு பக்கமும் குட்டைக் கண்ணி இருந்தால் அவை பாபிளின் தலையைக் கீழே இழுத்துப் பிடிக்கும். கால்களுக்கு நிமிர இடம் இல்லாததால் மடங்கி வெளியே வரும். பக்கத்தில் அதே உயரக் கண்ணிகள் இருந்தால் மடங்க வேண்டிய அவசியமே இல்லை, நேராக நிமிர்ந்து தட்டையாக நிற்கும். அங்கே ஏழு கால் போட்டாலும் தடிமன்தான் கூடும், புடைப்பு அதிகம் கூடாது. ஊசியைச் சின்னதாக்குவது கொஞ்சம் உதவும், இம்ரான் சொன்னதில் அது சரி.

இன்னொன்று, மடங்குகிற பாபிள் பின்னுகிறவரின் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத்தான் போகும். அதனால் திருப்பித் திருப்பிப் பின்னும் துணியில் பாபிளைப் பின்பக்க வரிசையில் போட வேண்டும். முன்பக்க வரிசையில் போட்டால் உருண்டை பின்னால் போய், முன்னால் குழிதான் தெரியும்.

கற்பகம், ஒன்று சொல்லுங்கள். பக்கத்தில் என்ன கண்ணி போட்டீர்கள்? பாட்டர்ன் எந்த ஊருடையது?

தேவி:

எனக்கும் இதே தொல்லை! குழந்தைக்குப் பொம்மை பின்னினேன், மூக்கு பாபிள். உள்ளே போய்விட்டது. பஞ்சு அடைத்த பிறகு கவனித்தேன். இனி ஊசியால் குத்தி இழுத்தால் வருமா? மன்னிக்கவும், பெயர் பற்றி எனக்குத் தெரியாது.

செல்வராணி:

தேவி, பொம்மையைச் சுற்றிச் சுற்றிப் பின்னுகிறீர்கள், எப்போதும் வெளிப்பக்கம்தான் உங்களைப் பார்க்கிறது. அதனால் பாபிள் உள்ளே போவது இயல்பு. பின்னியவுடனே உள்ளிருந்து விரலால் வெளியே தள்ளிவிட்டு அடுத்த கண்ணியை இறுக்கிப் போட்டால் பெரும்பாலும் நிற்கும். பஞ்சு அடைத்த பிறகு கஷ்டம்தான். அடுத்த பொம்மைக்கு மூக்கைப் பாப்கார்னாகப் போடுங்கள். ஊசியை முதல் காலின் தலைக்குள் முன்னாலிருந்து பின்னாக விட்டால் கிண்ணத்தின் முதுகு வெளியே வரும். பின்பக்க வரிசையில் போடும்போது மட்டும் பின்னாலிருந்து முன்னாக விட வேண்டும். நல்ல பக்கத்தில் கிண்ணத்தின் வாய் தெரிந்தால் திசை மாறிவிட்டது என்று அர்த்தம், அதை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும்.

கற்பகம்:

ராணி அக்கா, பிடித்துவிட்டீர்கள். பாட்டர்ன் இங்கிலாந்தில் அச்சானது. அதில் பாபிள் ஐந்து "டிரெபிள்", சுற்றிலும் "டபுள் குரோஷே". நான் வீடியோ பார்த்துக் கற்றவள், எனக்குத் தெரிந்ததெல்லாம் அமெரிக்கப் பெயர்கள். இங்கிலாந்துக்காரர்கள் டபுள் என்பது அமெரிக்காவில் சிங்கிள், அவர்களுடைய டிரெபிள் அமெரிக்காவில் டபுள். நான் எல்லாவற்றையும் ஒரு படி உயரமாகப் பின்னியிருக்கிறேன்.

வரிசை திரும்பும்போது போடும் சங்கிலியை வைத்துக் கணக்குப் பார்த்தேன். பாட்டர்ன் கேட்டது 3 சங்கிலி உயரப் பாபிள், பக்கத்தில் 1 சங்கிலி உயரக் கண்ணி. நான் போட்டது 4 சங்கிலி உயரப் பாபிள், பக்கத்தில் 3. மூன்று மடங்கு இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம்தான் கூடுதல். எப்படி மடங்கும்?

நேற்று ராத்திரி அவிழ்த்து, அதே நூல், அதே ஊசி, அதே ஐந்து கால், பக்கத்தில் மட்டும் குட்டைக் கண்ணி வைத்துப் பின்பக்க வரிசையில் போட்டேன். திருப்பிப் பார்த்தால் ஒவ்வொன்றும் சுண்டைக்காய் மாதிரி நிற்கிறது! இரண்டு மட்டும் தலை தளர்ந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தன. ஆறு வளையத்தையும் இழுத்த பிறகு மிஞ்சிய வளையத்தை நான் இறுக்கவில்லை. இறுக்கிவிட்டு அடுத்த கண்ணி போட்டதும் சாய்வு போய்விட்டது.

அதனால் பட்டியலில் "ஒற்றைக் கண்ணி, இரட்டைக் கண்ணி" என்று எழுதியிருந்ததை எடுத்துவிடுகிறேன். அப்படி மொழிபெயர்த்தால் அதே குழப்பத்தைத் தமிழிலும் கொண்டுவருகிறோம். ராணி அக்கா பேச்சுவாக்கில் சொன்ன "குட்டை", "நெட்டை" உயரத்தை நேராகச் சொல்கின்றன. "நெட்டைக் குமிழ், பக்கத்தில் குட்டைக் கண்ணி" என்று எழுதினால் யாரும் தவறாகப் பின்ன முடியாது.

இம்ரான்:

குட்டை, நெட்டை நன்றாக இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஹாஃப் டபுள் இருக்கிறதே, அதை என்ன செய்வது? நெட்டையைவிட உயரமான அமெரிக்க டிரெபிளும் இருக்கிறது.

அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம். போன வருடம் போட்ட போர்வையில் உருண்டைகள் முதலில் நன்றாக நின்றன, அம்மா இஸ்திரி போட்டதும் படுத்துவிட்டன.

செல்வராணி:

அக்ரிலிக் என்றால் அது திரும்ப எழாது தம்பி. சூட்டில் அந்த நூலின் துள்ளல் போய்விடும். இனிமேல் பின்னுவதற்கு இஸ்திரி போடாமல், ஈரமாக்கி, உருண்டைகளை விரலால் தூக்கிவிட்டு, அப்படியே காயவிடுங்கள்.

பெயருக்கு வருகிறேன். பாபிளுக்குக் "குமிழ்" எனக்குச் சம்மதம். பாப்கார்னுக்குப் "பொரி" வேண்டாம். அதில் வடிவமும் இல்லை, செய்முறையும் இல்லை. மடித்துப் பூட்டுவதால்தான் அது நிற்கிறது, "மடிகுமிழ்" என்று வைத்தால் என்ன? பெயரைப் படித்தவுடனே ஊசியை உருவி மடிக்க வேண்டும் என்பது நினைவுக்கு வரும்.

கற்பகம்:

"மடிகுமிழ்" எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பாபிளும் மடங்கித்தான் புடைக்கிறது என்று நீங்களே சொன்னீர்களே அக்கா? அது தானாக மடங்குவது, இது நாம் மடிப்பது என்று பிரித்துக்கொள்ளலாமா? புதிதாகக் கற்கிறவர்கள் பிரித்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை. இப்போதைக்குப் "பொரி", "மடிகுமிழ்" இரண்டையும் பட்டியலில் விட்டு வைக்கிறேன். ஹாஃப் டபுளுக்கு "நடுக்கண்ணி" என்று எழுதியிருக்கிறேன். டிரெபிளுக்கு இன்னும் இடம் காலியாக இருக்கிறது, யாராவது சொல்லுங்கள்.