கலைச்சொல் தேவை: சர்வே முடிவுக்குக் காரணம் தேடும் குழு உரையாடல்

செல்வி:
அனைவருக்கும் வணக்கம். களப்பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு பாடத்தில் மாட்டிக்கொண்டேன். முதலில் சர்வே எடுக்கிறார்கள். யாரும் எதிர்பாராத விடை வருகிறது. பிறகு அந்த விடையைச் சொன்னவர்களில் சிலரை உட்காரவைத்துப் பேசச் சொல்லிக் காரணம் தேடுகிறார்கள். இதற்கு 'எக்ஸ்பிளனேட்டரி சீக்வென்ஷியல் டிசைன்' என்று பெயர். நான் 'விளக்கத் தொடர் ஆய்வு' என்று எழுதினேன். படித்துப் பார்த்த இருவருக்கும் புரியவில்லை. அப்படிக் கூட்டிப் பேசவைக்கும் ஃபோகஸ் குரூப்புக்கும் ஒரு சொல் வேண்டும்.

பாடத்தில் வரும் எடுத்துக்காட்டு 2013-14இல் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், அரியானா கிராமங்களில் 3,200க்கு மேற்பட்ட வீடுகளில் எடுத்த கழிப்பறை சர்வே. நன்றாக இயங்கும் கழிப்பறை உள்ள வீடுகளிலேயே நூற்றுக்கு நாற்பதுக்கு மேல், ஒருவராவது மலம் கழிக்க வெளியே போகிறார்.

நிர்மலா:
செல்வி, 'விளக்கத் தொடர் ஆய்வு' இரண்டு பக்கமும் வழுக்கும். 'விளக்க ஆய்வு' என்பதை ஏற்கெனவே பலர் டிஸ்கிரிப்டிவ் ஆய்வுக்கு எழுதுகிறார்கள், அது நிலைமையைச் சொல்வது மட்டும்தான். 'தொடர் ஆய்வு' என்றால் அதே ஆட்களை வருடாவருடம் போய்ப் பார்ப்பது என்று மாணவர்கள் நினைப்பார்கள். இங்கே தொடர்வது ஆண்டுகள் அல்ல. எண்ணுக்குப் பின்னால் பேச்சு வருகிறது, அவ்வளவுதான்.

முருகேசன்:
அன்புடையீர், ஃபோகஸ் என்பது இலத்தீனில் அடுப்பு, கணப்பு. வானியலாளர் கெப்ளர் 1604இல் ஒளியியலுக்கு அதை எடுத்தாண்டார், ஒளி குவியும் புள்ளியில் பொருள் எரியுமல்லவா. ஆக ஃபோகஸ் குரூப் என்பது கணப்பைச் சுற்றிக் குளிர்காய்வோர் கூட்டம்! 'கணப்புக் குழு' என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு பொருத்தம். ஆய்வு முழுமைக்கும் நம்மிடம் 'உசாவல்' இருக்கிறது. உசாவுதல் என்றால் வினவுதலும் உண்டு, கூடி ஆராய்தலும் உண்டு. பின்னால் நிகழ்வதால் 'பின்னுசாவல்'. ஒரே சொல், ஒற்றுப் பிழையும் இல்லை.

கதிர்:
ஐயா, 'பின்னுசாவலுக்கு வாங்க' என்று ஊரில் போய்க் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். களத்தில் எல்லோரும் ஃபோகஸ் குரூப் டிஸ்கஷனைச் சுருக்கி எஃப்.ஜி.டி. என்றுதான் சொல்கிறோம். அப்படியே விட்டுவிடலாமே.

முருகேசன்:
தம்பி, ஊராரைக் கூப்பிட 'பேச வாங்க' போதும். கலைச்சொல் ஏட்டுக்கு.

சாகுல்:
எனக்கு ஒரு ஐயம். சர்வே சரியா தப்பா என்று சோதிக்கத்தானே இந்தக் குழு? எட்டுப் பேரைக் கேட்டு ஐந்து பேர் 'ஆமாம்' என்றால் சர்வே சரி. அப்படியானால் 'சரிபார்ப்பு ஆய்வு' என்றே வைக்கலாம். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் தண்ணீர் நேரம் பற்றிப் படிவம் கொடுத்துவிட்டு, பிறகு கூட்டம் போட்டுக் கை தூக்கச் சொன்னோம். இரண்டும் ஒத்துப்போனது.

நிர்மலா:
சாகுல் அண்ணா, அது வாக்கெடுப்பு. குழுவில் கை தூக்குவதை எண்ணவே கூடாது. எட்டுப் பேர் எந்த ஊருக்கும் மாதிரி ஆகமாட்டார்கள், பக்கத்தில் இருப்பவர் தூக்கினால் தானும் தூக்குவார்கள். எத்தனை பேர் என்பதற்குச் சர்வே பதில் சொல்லிவிட்டது. குழுவுக்கு மிச்சம் இருப்பது எப்படி, எதனால் என்பது.

ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி சரி. குழுவைக் கூட்டும் முன்பே ஒரு சரிபார்ப்பு உண்டு. வியப்பூட்டும் எண் கேள்வியின் கோளாறாகவும் இருக்கலாம். கழிப்பறை சர்வேயில் வீட்டுக்கு ஒரு கேள்வி கேட்டு நிறுத்தாமல், ஒவ்வொரு ஆளையும் பற்றித் தனித்தனியாகக் கேட்டார்கள். 'உங்கள் வீட்டில் கழிப்பறையைப் பயன்படுத்துகிறீர்களா' என்று மொத்தமாகக் கேட்டிருந்தால் மாமனார் வயலுக்குப் போவது வெளியே வந்திருக்காது. கேள்வித்தாள், மொழிபெயர்ப்பு, விடைக்குக் கொடுத்த எண் குறியீடு மூன்றையும் பார்த்த பிறகே ஆட்களைத் தேட வேண்டும்.

முருகேசன் ஐயாவுக்கு: கணப்பு அழகுதான், ஆனால் இந்த ஃபோகஸ் அங்கிருந்து வரவில்லை. 1941 நவம்பரில் நியூயார்க்கில் சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்ட் வானொலி நிகழ்ச்சிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். கேட்பவர்கள் கையில் இரண்டு பொத்தான், பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. எந்த நொடியில் சிவப்பு அமுக்கினார்கள் என்பது பதிவாகும், ஏன் என்பது பதிவாகாது. இன்னொரு சமூகவியலாளரான மெர்ட்டன் அதைப் பார்த்துவிட்டு, அமுக்கியவர்களிடமே அந்த இடத்தைச் சுட்டிப் பேசும் முறையை உருவாக்கினார். 1946இல் கெண்டாலுடன் எழுதிய கட்டுரையில் அதற்கு 'ஃபோகஸ்டு இன்டர்வியூ' என்று பெயர். குவிவது குழு அல்ல, கேள்வி. எல்லோரும் கேட்ட ஒரே நிகழ்ச்சியின் மேல் குவிகிறது.

முருகேசன்:
ஏற்கிறேன், பாதி மனதோடு. அப்படியென்றால் 'குவியக் குழு'. பள்ளி இயற்பியலில் 'குவியம்' இருக்கிறது. 'மையக் குழு' வேண்டாம், அது கட்சி அலுவலகம். 'இலக்குக் குழு'வும் வேண்டாம், அது டார்கெட். ஆய்வுக்கு 'ஏன்' என்பதையே தலைச்சொல்லாக்கி 'ஏனாய்வு' எனலாமா? நன்னூல் சொல்லும் ஆறு வினாக்களில் இது அறியா வினா...

நிர்மலா:
ஐயா, அறைக்குள்ளே 'ஏன்' என்ற சொல்லைத்தான் தவிர்க்கச் சொல்லிப் பயிற்சி கொடுக்கிறோம். 'கழிப்பறை இருந்தும் ஏன் வெளியே போகிறீர்கள்' என்றால் அது குற்றச்சாட்டு. உடனே 'காற்றோட்டம் நல்லது, உடம்புக்கு நல்லது' என்று ஒப்புக்கொள்ளும்படியான பதில் வரும். மாறாக, 'நேற்று காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்', 'இந்தக் குழி எத்தனை நாளில் நிரம்பும்', 'நிரம்பினால் யார் அள்ளுவார்கள்' என்று போக வேண்டும். இந்தச் சர்வேயை ஒட்டி நடந்த உரையாடல்களில் விடை குழியில்தான் இருந்தது. அரசு கட்டிக் கொடுத்த சிறு குழி சில மாதத்தில் நிரம்பிவிடும் என்று நினைத்தார்கள், உண்மையில் சில ஆண்டுகள் தாங்கும். அதைவிடப் பெரிது, குழியை அள்ளுவது தீண்டாமையோடு ஒட்டிய வேலை. தானும் செய்யமாட்டார், செய்ய ஆளும் கிடைக்காது. அதனால் குழியைச் 'சேமித்து', முதியவர்களுக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். கேள்வித்தாளில் இதற்குக் கட்டமே இருந்திருக்காது.

ஆனால் செல்வி, ஒன்றைத் திருத்துங்கள். அங்கே பெரும்பாலும் தனித்தனிப் பேட்டிகள்தான் எடுத்தார்கள். சாதி பேசும் இடத்தில் குழு வாயை மூடிக்கொள்ளும். உங்கள் பாடம் குழு என்றால், மாமியாரையும் மருமகளையும் ஒரே வட்டத்தில் உட்காரவைக்காதீர்கள் என்ற வரி கட்டாயம் வேண்டும். மருமகள்கள் தனி, வயதான ஆண்கள் தனி, ஒவ்வொன்றிலும் ஆறிலிருந்து எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம். பேச்சை நடத்த ஒருவர், குறிப்பெடுக்க இன்னொருவர்.

கதிர்:
இதில் களத்தில் முதலில் தப்புவது வேறு. 'மறுபடி உங்களைத் தொடர்புகொள்ளலாமா' என்று சர்வேயின் கடைசிப் பக்கத்தில் கேட்டு எழுதி வைப்பதில்லை. பிறகு ஆச்சரியமான விடை சொன்ன வீடு எது என்றே தெரியாது. கிடைத்தவர்களைக் கூப்பிட்டுக் குழு போடுவார்கள். அவர்கள் வேறு விடை சொன்னவர்கள்.

செல்வி:
அந்த வரியையும் சேர்த்துவிட்டேன், நன்றி. நாள் இல்லை. ஆய்வுக்குப் 'பின்விளக்க ஆய்வு', குழுவுக்குக் 'குவியக் குழு'. மறுப்பு உண்டா?

கதிர்:
சரி. அடைப்பில் எஃப்.ஜி.டி. போட்டுவிடுங்கள்.

சாகுல்:
'பின்விளக்கம்' என்றால் தப்பு செய்துவிட்டுச் சமாளிப்பது போல இருக்கிறது. பரவாயில்லை.

நிர்மலா:
சாகுல் அண்ணா சொன்னது எனக்கும் உறுத்துகிறது. வியப்பு திட்டமிட்டு வராது, ஆனால் இரண்டாம் கட்டத்துக்கான பணமும் நாளும் முதலிலேயே ஒதுக்கியிருக்க வேண்டும். 'பின்' என்றால் பிறகு தோன்றியது போலாகிறது. வேறு சொல் என்னிடமும் இல்லை, போடுங்கள்.

முருகேசன்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். உசாவல் இன்னும் உயிரோடு இருக்கிறது. சொல்லடைவில் 'பின்னுசாவல் எனவும் வழங்கும்' என்று ஒரு வரி சேர்க்க இடம் இருக்குமா, செல்வி?