மாதப் பாஸ் இருந்தும் மாலையில் எழுப்பிவிட்டார்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மாலைநேர வாசகர்

பகலில் வண்ணார்பேட்டையில் வேலை. குரூப் 2 தேர்வுக்காக மாலையில் மட்டும் பாளையங்கோட்டையில் ஒரு படிப்பகத்துக்குச் செல்கிறேன். அங்கே மணிக்கு 25 ரூபாய், நாளுக்கு 120, மாதப் பாஸ் 1,200. மாலை 6 முதல் பூட்டும் நேரமான 9 வரை பாஸ்காரர்களுக்கு இரண்டு மணி நேரம்தான் என்ற வரி ரசீதின் பின்புறம் இருந்ததை நான் பார்க்கவில்லை. சென்ற செவ்வாயன்று 6.10க்கு உட்கார்ந்தேன். 8.10க்கு, வட்டிக் கணக்கு ஒன்றின் நடுவில் இருந்தபோது, மேலாளர் வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் என் மேசை விளக்கை அணைத்தார். நான் பேனாவை மூடுவதற்குள் அடுத்தவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துவிட்டார்.

ஞாயிறு விடுமுறை போக 26 நாள், நாளுக்கு இரண்டு மணி என்றால் 52 மணி நேரம். மணிக்கணக்கில் கொடுத்திருந்தாலே 1,300 ரூபாய்தான் ஆகியிருக்கும். 24 நாள் வந்தால் சரிக்குச் சரி. மூன்று நாள் தவறினால் எனக்கு நஷ்டம். காலை முதல் மாலை வரை இருக்கும் மாணவருக்கும் அதே 1,200தான் என்பதுதான் உறுத்துகிறது.

பெருமாள்புரம் படிப்பாளி

மாதப் பாஸே வீண். நாள் பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அதுதான் லாபம். நான் சனிக்கிழமைகளில் அப்படித்தான் செய்கிறேன். முடியாவிட்டால் மாவட்ட மைய நூலகம் பாளையிலேயே இருக்கிறது. அங்கே உட்கார்ந்து படிக்கக் காசு கேட்பதில்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு காலையிலேயே போய்விட வேண்டும், ஜன்னலோரம் உட்கார வேண்டும், கைப்பேசியை வீட்டில் வைத்துவிட வேண்டும்.

படிக்கட்டில் காத்திருந்தவன்

காலையிலேயே போகச் சொல்கிறீர்கள்; அவர் காலையில் வேலைக்குப் போகிறவர். இரண்டு மணி நேரம் இருப்பவர் எதற்கு 120 கொடுக்க வேண்டும்?

நான் மணிக்கட்டணக்காரன், நாற்காலியைப் பிடிக்கும் ஆள். வேறொரு படிப்பகத்தில் 7.20க்கே வந்து படிக்கட்டில் நின்றேன். கண்ணாடிக் கதவு வழியாக மூன்று இருக்கைகளில் பையும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் இருப்பது தெரிந்தது. 8.10க்கு உள்ளே விட்டார்கள், 9க்குப் பூட்டினார்கள். ஐம்பது நிமிடத்துக்கு முழு மணிக் கட்டணம் வாங்கினார்கள்.

முன்பு படிப்பகம் நடத்தியவர்

தம்பி, உங்கள் கணக்கு சரி, ஆனால் கோபம் விளக்கை அணைத்தவர் மேல் போகிறது. தவறு நேர அளவில் இருக்கிறது. நெரிசல் மூன்று மணி நேரம், வரம்பு இரண்டு மணி நேரம் என்றால் 6 மணிக்கு வரும் கூட்டம் 8 வரை இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு ஒரு மணி நேரமே மிஞ்சும். இருவருக்கும் மனக்குறை. நான் 10 மணி வரை திறந்து, 6 முதல் 8, 8 முதல் 10 என்று இரண்டு சுற்றாகப் பிரித்த பிறகுதான் வாசலில் சண்டை நின்றது. அந்த ஒரு மணி நேரத்து மின்சாரமும் காவலாளிச் சம்பளமும் என் கையிலிருந்துதான் போயின.

நாற்பது இருக்கைக்கு அறுபத்தைந்து பாஸ் விற்றிருந்தேன். பகலில் பாதி காலியாகவே கிடக்கும் என்பதால் அது ஏமாற்று அல்ல. ஆனால் மாலையில் எத்தனை பேர் வருவார்கள் என்று கையெழுத்துப் புத்தகத்தை நம்பிக் கணக்கிட்டேன். அதில் உள்ளே வந்த நேரம் இருக்குமே தவிர, எழுந்து போன நேரம் இருக்காது. இரண்டு வாரம் அரை மணிக்கு ஒருமுறை தலையை எண்ணிய பிறகுதான் 7 மணிக்கு நாற்பத்தாறு பேர் என்று தெரிந்தது. அதன்பின் மாலைப் பாஸைத் தனியாக, குறைந்த விலையில், எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து விற்றேன். பகல் மாணவர்கள் முணுமுணுத்தார்கள். நான்கு பேர் விலகினார்கள். பை மட்டும் இருபது நிமிடம் இருந்தால் அதை அலமாரியில் எடுத்து வைப்பேன் என்று எழுதி ஒட்டினேன். தேநீருக்குப் போகிறவருக்கு அந்த இருபது நிமிடம் போதும்.

மடிக்கணினி வேலை

எங்கள் கூட்டுப் பணியிடத்தில் மாலை நெரிசலே இல்லை. காலை 10 முதல் 1 வரைதான் இடமிருக்காது. காணொளி அழைப்பில் சத்தமாகப் பேசுகிறேன் என்று பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து என்னிடம் கட்டணம் கேட்டார்கள். இது சரியா என்று யாராவது சொல்லுங்களேன்.

மாலைநேர வாசகர்

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன இரண்டு சுற்று யோசனையை மேலாளரிடம் சொன்னேன். கட்டட உரிமையாளர் 9.15க்கு மாடிக் கதவைப் பூட்டிவிடுவாராம். அடுத்த மாதம் பாஸைப் புதுப்பிக்கவில்லை, மணிக்கட்டணம்தான். ஐம்பது நிமிடத்துக்கு முழு மணி வாங்குவார்களா என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.