செக்அவுட்டில் துணைப்பொருள் காட்டினால் ஆர்டர் குறைகிறது, உதவுங்க

கதிர்: அவசரம். எலக்ட்ரானிக்ஸ் ஆன்லைன் ஸ்டோர் நடத்துறோம். செக்அவுட்டில் கூடுதல் பொருள் காட்ட ஆரம்பிச்சதும் அதெல்லாம் விற்குது, ஆனா மொத்த ஆர்டர் குறைஞ்சிருச்சு. வாங்க வர்றவங்களுக்கு எரிச்சல் வராம எப்படிக் காட்டுறது?

தேன்மொழி: எந்தப் பக்கத்தில் காட்டுறீங்க? பாப்-அப்பா? மொபைலா, கம்ப்யூட்டரா? என்ன பொருளோட என்ன காட்டுறீங்க?

நாவலன்: டிக் போட்டே வச்சிடுங்க. வேண்டாதவங்க எடுத்துக்குவாங்க.

செல்வம்: இந்தக் கேள்வி எத்தனை தடவை வந்தாச்சு! தேடிப் படிச்சிட்டுக் கேட்கிற பழக்கமே யாருக்கும் இல்லை. நாவலன், ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படி டிக் போட்டு வாங்கின பணத்தை வாடிக்கையாளர் திரும்பக் கேட்கலாம். தெரிஞ்சுக்கிட்டு யோசனை சொல்லுங்க.

கதிர்: பெரும்பாலும் மொபைல்தான். 'பணம் செலுத்து' அழுத்தினதும் பாப்-அப், அதில் ஆறு பொருள். ஆக்‌ஷன் கேமராவில்தான் அடி அதிகம். மெமரி கார்டும் அதிகமா ரிட்டர்ன் வருது.

தேன்மொழி: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். பணம் கட்டத் துணிஞ்சவரை அந்த நொடியில் மறிக்காதீங்க. மொபைலில் பாப்-அப்பை மூட பேக் அழுத்துவாங்க, சில தளங்களில் பக்கமே போயிடும். கூடைப் பக்கத்தில், கேமரா வரிக்குக் கீழேயே, ஒரே பொருள் காட்டுங்க: மெமரி கார்டு. பெட்டியில் கார்டு இல்லைன்னா பெரும்பாலான கேமராவில் படமே பதிவாகாது, அதனால அது தொந்தரவாத் தெரியாது. பையும் ஸ்டாண்டும் பொருள் பக்கத்திலேயே இருக்கட்டும். கார்டில் வேகக் குறி என்ன எழுதியிருக்கு, V10-ஆ V30-ஆ?

கதிர்: V10.

தேன்மொழி: ரிட்டர்னுக்கு அதுதான் காரணமா இருக்கும். 4K வீடியோ நொடிக்கு 100 மெகாபிட்னா, எட்டால் வகுத்தா 12.5 மெகாபைட். V10 உறுதி தர்றது நொடிக்கு 10 மெகாபைட் எழுதுற வேகம்தான், பதிவு நடுவில் நின்னுடலாம். V30 வைங்க. ஒவ்வொரு மாடலுக்கும் எது பொருந்தும்னு பட்டியல் போட்டு, அதிலிருந்து மட்டும் காட்டுங்க. 'இதை வாங்கினவர் அதையும் வாங்கினார்' கணக்கை நம்பினா தப்பான கார்டுதான் திரும்பத் திரும்ப மேலே வரும்.

ரபீக்: ஆர்டர் முடிஞ்ச பிறகு நன்றிப் பக்கத்தில் காட்டினா பிரச்சினையே இல்லையே?

தேன்மொழி: முதல் ஆர்டர் பத்திரம், உண்மைதான். ஆனா பல கார்டுகளுக்கு மறுபடி ஓடிபி கேட்கும். பேக்கிங் தொடங்கிட்டா தனிப் பார்சல், ஷிப்பிங்கில் லாபம் போயிடும்.

மின்மினி: எங்க லாபமே நீட்டிப்பு வாரண்டியில்தான். அதை எங்கே காட்டுறது?

செல்வம்: விலை குறைஞ்ச பொருளுக்கு வாரண்டி விற்கிறது ஏமாத்து.

மின்மினி: ஏமாத்து இல்லைங்க. கீழே விழுந்து உடைஞ்சா கம்பெனி வாரண்டி தராது, எங்களோடது தரும்.

செல்வம்: எது சேராதுங்கிறதை வாங்குறதுக்கு முன்னாடி எழுதியிருக்கீங்களா?

மின்மினி: லிங்க் இருக்கு.

செல்வம்: லிங்கை யார் திறக்கிறா?

தேன்மொழி: கதிர், எத்தனை துணைப்பொருள் போச்சுன்னு மட்டும் எண்ணாதீங்க. செக்அவுட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ரிட்டர்ன் செலவு கழிச்சு எவ்வளவு லாபம்னு பாருங்க. வந்தவங்களில் பாதிப் பேருக்கு மட்டும் புது முறையைக் காட்டி ஒப்பிடுங்க.

கதிர்: பாப்-அப் எடுத்தாச்சு, கூடையில் V30 மட்டும் வச்சோம். ஆர்டர் பழைய நிலைக்கு வருது. பை விற்பனை விழுந்திருச்சு, லாபக் கணக்கு இன்னும் போடலை.