தம்பலகாமத்து வயலுக்கு ஒரு குழலிசை: காந்தாரத்தில் நின்றால் சுருதி அதிருது

உப்புவெளி குழல்
தங்கச்சியின்ர மகள் தம்பலகாமத்தில ஒரு சின்னப் படம் எடுத்தவள். அறுவடை முடிஞ்ச வயலில மாடு மேயிற காட்சி, மூன்றரை நிமிசம், கதை பேச்சு ஒண்டும் இல்லை. "மாமா, குழலும் சுருதியும் போதும்" எண்டாள். 2 கட்டைக் குழலை எடுத்தன். நீளக் குழல், கீழ்ப் பஞ்சமம் வடிவா இறங்கும். ராகம் மோகனம்.

முதல் போட்ட மெட்டு மேல் சட்சத்திலயே துள்ளத் தொடங்கிச்சுது. படத்தோட கேட்டால் கலியாண வீடு மாதிரி இருந்தது, விட்டிட்டன். அடுத்ததில முதல் ஒரு நிமிசத்துக்குக் கீழ்ப் பஞ்சமம், தைவதம், சட்சம் மூன்றும் மட்டும். ஒரு மூச்சுக்கு ஒரு பிடி. பிடி முடியிறது சட்சத்தில அல்லது பஞ்சமத்தில. பிறகு அதேயளவு நேரம் குழல் சும்மா இருக்கும், சுருதி மட்டும் கேட்கும். வெள்ளை மாடு ஒண்டு தலையைத் தூக்கிப் பார்க்கிற இடத்திலதான் காந்தாரம் முதல் முதலா வரும்.

அந்தக் காந்தாரத்திலதான் சிக்கல். நீட்டிப் பிடிச்சால் அடியில வொய்ங் வொய்ங் எண்டு அதிருது. சட்சத்திலயும் பஞ்சமத்திலயும் அப்பிடி இல்லை. சுருதிக்கு கீபோர்டில ச, க, ப மூன்றையும் அமத்தி வைச்சிருந்தன். ஆருக்கும் இப்பிடி நடந்திருக்கோ?

நிலாவெளித் தம்பி
அண்ணை, குழல் பிழை. துளை சரியான இடத்தில இல்லாட்டி ஒரு சுரம் மட்டும் விலகும். எனக்கும் அப்பிடி ஒரு குழல் வந்து மாத்தினனான்.

பழைய வாத்தியார்
தம்பி சொல்லுறதும் நடக்கிறதுதான், ஆனால் இங்க குற்றவாளி கீபோர்ட். ஒரு தம்புராவின்ர சட்சத் தந்தியை மீட்டிப் போட்டுக் காதைக் குடுங்கோ, அதுக்குள்ள காந்தாரம் தானா ஒலிக்கும். உங்கட காது அதைத்தான் தேடிப் போகுது. கீபோர்டின்ர காந்தாரம் அதைவிட ஏறக்குறைய 14 சென்ட் கூட, அதாவது அரைச் சுரத்தில ஏழில ஒரு பங்கு. இரண்டும் உரசேக்கதான் அந்த அதிர்வு. பஞ்சமத்தில வித்தியாசம் 2 சென்ட்தான், காதுக்குப் பிடிபடாது.

கீபோர்டில இருந்து காந்தாரத்தை எடுத்துவிடுங்கோ. சட்சமும் பஞ்சமமும் காணும். இன்னொண்டு: கர்நாடகக் குழலில அந்தக் காந்தாரம் எல்லாத் துளையும் திறந்த சுரம். விரலால திருத்த ஏலாது, உதட்டால்தான். குழலைக் கொஞ்சம் உள்ளுக்கு உருட்டினால் இறங்கும்.

மூதூர் அக்கா
என்ர மகனின்ர குழல் கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில வெடிச்சுப் போச்சு. நூல் சுத்தி ஒட்டினம், ஆனால் கீழ்ச் சுரம் எழும்புதில்லை. இதுக்கும் சுருதிக்கும் தொடர்பு இருக்கோ?

பழைய வாத்தியார்
தங்கச்சி, அது வேற விசயம். வெடிப்பால காத்து போனால் முதல்ல விழுகிறது கீழ்ச் சுரம்தான். நூலுக்கு அடியில வெடிப்பு முழுக்க அடைபட்டிருக்கோ எண்டு பாருங்கோ. காத்துப் படாத இடத்தில வையுங்கோ.

உப்புவெளி குழல்
ஐயா, காந்தாரத்தை எடுத்தவுடன அதிர்வு போட்டுது. நன்றி. ஆனால் இன்னொரு கூத்து. ஏசி அறையில 24 பாகையில சுருதி சேர்த்திட்டு, மாடு கத்திற சத்தமும் சேரட்டும் எண்டு பின்னேரம் முற்றத்தில வாசிச்சன். 31 பாகை இருக்கும். இப்ப சட்சமே அதிருது. எண்ணிப் பார்த்தன், செக்கனுக்கு மூன்று தரம்.

பழைய வாத்தியார்
அது குழலுக்குள்ள இருக்கிற காத்தின்ர சூடு. ஒரு பாகைக்கு ஏறக்குறைய 3 சென்ட் ஏறும், 7 பாகைக்கு 20 சென்ட். 2 கட்டைச் சட்சம் 294 ஹேர்ட்ஸ் அளவில, 20 சென்ட் கூடினால் மூன்று ஹேர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேல. நீங்கள் எண்ணின மூன்று அதுதான். வாசிக்கிற இடத்திலயே பத்து நிமிசம் ஊதிச் சூடாக்கிப் போட்டு, சுருதியைக் குழலுக்குச் சேருங்கோ, குழலைச் சுருதிக்கு இல்லை. காலமை எடுத்த துண்டையும் பின்னேரம் எடுத்த துண்டையும் ஒட்டாதேங்கோ.

நிலாவெளித் தம்பி
மென்மையா ஊதினாலும் இறங்குமே ஐயா? என்ர பிடி எல்லாம் கடைசியில தொங்கிப் போகும்.

பழைய வாத்தியார்
இறங்கும் தம்பி. சத்தம் தேயத் தேயக் குழலை வெளியில உருட்டிக்கொண்டு போகவேணும். அமைதியான இசைக்கு அதுதான் கஷ்டமான வேலை.

உப்புவெளி குழல்
முற்றத்திலயே சுருதி சேர்த்து, ஒரே இருப்பில முழுக்க வாசிச்சு முடிச்சன். மருமகள் கேட்டிட்டு, காந்தாரத்தைக் கொஞ்சம் அசைக்கச் சொல்லுறாள், மோகனம் எண்டு தெரியட்டுமாம். எனக்கு அசையாமல் நிக்கிறதுதான் அந்த மாட்டுக்குப் பொருந்துது.

பழைய வாத்தியார்
நான் பிள்ளையின்ர பக்கம். நிண்ட காந்தாரம் அழகுதான், ஆனால் ஒரு தரமாவது அசையவேணும்.

மூதூர் அக்கா
எனக்கு நிண்டதுதான் பிடிக்குது அண்ணை. இரண்டையும் போடுங்கோ, கேட்டுப் பார்ப்பம்.