எலிக்குக் கொடுத்த கரண்டும் எங்கள் மேடைப் பயமும்

நீர்வேலி_அம்மா:
மகளுக்கு வட இலங்கைச் சங்கீத சபைச் சோதனை வருகிறது, வயலின். வீட்டில் நன்றாக வாசிப்பவள், நாலு பேர் முன்னால் இருத்தினால் கை நடுங்குகிறது. ரியூசன் சேர் பலகையில் மலை மாதிரி ஒரு கோடு கீறிக் காட்டியிருக்கிறார். "பதற்றம் நடு அளவில் இருந்தால் எல்லாருக்கும் எல்லா வேலையும் உச்சத்தில் இருக்கும். 1908இலேயே எலிகளை வைத்து நிரூபித்தாயிற்று. பாதிப் பயத்தோடு மேடையேறு" என்றாராம். பாதிப் பயத்தை எதை வைத்து அளப்பது?

வில்லும்நாணும்:
இந்த மலையைக் கீறுகிற சேர்மார் ஒருவராவது அந்த 1908 ஆய்வைத் திறந்து பார்த்தால் நல்லது. யேர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு பேர் செய்தது. உட்காதுக் குறையால் சுற்றிச் சுற்றி ஓடுகிற ஜப்பானிய ஆடும் எலிகளை எடுத்தார்கள். இரண்டு பெட்டி, ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. கறுப்புக்குள் போனால் காலில் கரண்ட். தொடர்ந்து 3 நாள் பிழையில்லாமல் வெள்ளைக்குள் போகும்வரை எத்தனை தரம் பழக்க வேண்டியிருந்தது என்று எண்ணினார்கள். அப்புறம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டு பெட்டியையும் பிரித்தறிவதை இலேசாகவும் கடினமாகவும் மாற்றிப் பார்த்தார்கள்.

கடினமான பெட்டிகளில் நடுத்தரக் கரண்டுக்குத்தான் எலி கெதியாகக் கற்றது. அதற்கு மேலே கூட்டினால் பிந்தியது. ஆனால் இலேசான பெட்டிகளில் கரண்ட் கூடக் கூட எலியும் கெதியாகக் கற்றது. கோடு கீழே இறங்கவே இல்லை. ஆகவே "எல்லா வேலையும்" என்பதை அந்த ஆய்வே மறுக்கிறது.

வளைகோடு_மாஸ்டர்:
உளவியல் படிப்பிக்கிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன். வளைவு வளைவுதான். தூங்கி வழிகிறவனும் உருப்படியாக வாசிக்க மாட்டான், நடுநடுங்குகிறவனும் வாசிக்க மாட்டான், இடையில் இருக்கிறவன் வாசிப்பான். இதற்கு எலிகூடத் தேவையில்லை. இலேசான பெட்டியில் இன்னும் கொஞ்சம் கரண்ட் கொடுத்திருந்தால் அங்கேயும் கோடு இறங்கியிருக்கும். கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வில்லும்நாணும்:
கொடுத்திருந்தால் எலி செத்தும் இருக்கும். மாஸ்டர், நடக்காத பரிசோதனையின் முடிவை வைத்து நடந்ததற்கு விளக்கம் சொல்கிறீர்கள். இலேசான பெட்டியில் கோடு இறங்கவில்லை. இன்னொன்று, அங்கே எலியின் பதற்றத்தை யாரும் அளக்கவில்லை. அளந்தது கரண்டையும் கற்கும் வேகத்தையும் மட்டும். ஒரு பிரிவுக்கு ஒரு சில எலிகள்தான். உடலின் கிளர்ச்சியையும் செயல்திறனையும் சேர்த்து அந்த மலையைக் கீறியவர் ஹெப், 1955இல். பிறகு வந்தவர்கள் அதைக் கொண்டுபோய் 1908இன் தலையில் கட்டிவிட்டார்கள்.

தொப்பி_வலந்தலை:
ஆகா, எலி சாஸ்திரமும் வந்துவிட்டது. போன வருடம் ஒரு கோயில் கச்சேரியில் வர்ணத்தைத் தொடங்கின காலப்பிரமாணம் ஒன்று, முடித்த காலப்பிரமாணம் வேறொன்று. மிருதங்கத்தோடு பின்னால் ஓடினது நான். அதற்கு எந்தப் பெட்டி, எந்தக் கரண்ட்?

வில்லும்நாணும்:
ஓடினது யார், ஓட்டினது யார் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

உயர்தரம்_பயோ:
அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். இரசாயனவியலில் பல்தேர்வு வினா வந்தால் பதற்றத்திலும் கை தன்பாட்டில் சரியான விடைக்குப் போகும், கெதியாக முடிப்பேன். கட்டுரை வினாவில் ஒரு நீண்ட கணக்கு வந்தால் அதே பதற்றத்தில் மூன்றாவது வரியில் எதைத் தேடினேன் என்றே மறந்துபோகும். ஒரே மண்டபம், ஒரே நாள், ஒரே பயம். எனக்கு இரண்டு வளைகோடா?

வில்லும்நாணும்:
தம்பி, மாஸ்டருக்கு விளங்காததை நீங்கள் பிடித்துவிட்டீர்கள். நன்றாகப் பழகினது எதுவோ அதைப் பதற்றம் முன்னால் தள்ளிவிடும். கேட்டவுடன் விடை வருகிற வினாவுக்கு அது உதவி. நீண்ட கணக்கில் நாலைந்து எண்களை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க வேண்டும். "நேரம் போகுது" என்ற கவலை அந்த இடத்தை எடுத்துக்கொண்டால் எண்ணுக்கு இடமில்லை. அப்படிப்பட்ட வினாவில் இடைவிடையைத் தாளில் எழுதி எழுதிப் போங்கள், மனதில் சுமக்க வேண்டாம்.

வயலினிலும் இதுதான். இரண்டாம் காலத்தில் ஓடுகிற வர்ணத்தில் கை நடுக்கம் தெரியாது. வில் சின்னதாக ஓடுகிறது, உடம்பில் ஏறின வேகம் அதற்கு உரமாகிவிடும். அதே கை ஆலாபனையில் தாரஸ்தாயி ஷட்ஜத்தை முழு வில்லில் நிறுத்தட்டும், அப்போது தெரியும். அதிரினலின் கூடினால் வில் நடுப்பகுதியில் குதிக்கத் தொடங்கும், மெல்ல மெல்ல விரற்பலகைப் பக்கம் வழுக்கிப் போகும், நாதம் மெலியும். விரல் குளிர்ந்திருக்கும், உள்ளங்கை வேர்த்திருக்கும். எவ்வளவு பயம் என்று அந்த அம்மா அளக்கத் தேவையில்லை. நீட்டிப் பிடிக்கிற ஸ்வரத்தில் வில் எந்த இடத்தில் குதிக்கிறது என்று பார்த்தால் போதும்.

வளைகோடு_மாஸ்டர்:
நான் சொன்னதைத்தானே சுற்றிவளைத்துச் சொல்கிறீர்கள்? கடினமான வேலைக்கு நடு அளவு. வளைவு வளைவுதான்.

வில்லும்நாணும்:
இல்லை. நீங்கள் தாங்கிப் பேசியது அந்தச் சேர் சொன்ன "எல்லா வேலையும்" என்பதை. கடினம் என்பது உருப்படியில் மட்டும் இல்லை, வாசிக்கிற ஆளிலும் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் போன மாதம் பாடமான கீர்த்தனை இன்றைக்குக் கடினம். விரல் தன்பாட்டில் போகும் அளவுக்குச் சாதகம் செய்துவிட்டால் அதே கீர்த்தனை இலேசான பெட்டிக்குப் போய்விடும், அதே பதற்றத்தைத் தாங்கும். பயத்தைப் பாதியாக்கச் சொல்வதை விட உருப்படியை இலேசாக்கச் சொல்வது பிள்ளை கையில் இருக்கிற காரியம்.

எங்கள் பெரியவர்கள் கச்சேரியை வர்ணத்தோடு தொடங்கினது சும்மா இல்லை என்பது என் எண்ணம். நெஞ்சு மிகவும் அடிப்பது பெரும்பாலும் ஏறி உட்கார்ந்த முதல் சில நிமிடங்களில்தான். அந்த நேரத்துக்குப் பழகிப் பழகித் தேய்ந்த உருப்படியைப் போட்டுவிட்டார்கள். இப்போது சில பிள்ளைகள் முதலிலேயே ஆலாபனையை எடுத்துவிட்டு வில் குதிக்குது என்று அழுகிறார்கள்.

ஊரெழு_மாமா:
இவ்வளவு கதை எதற்கு? தங்கச்சியின் மகன் கொழும்பில் மேடையேற முதல் ஒரு பிரஷர் குளிசை போடுவான், கை கல்லு மாதிரி நிற்கும். பிள்ளைக்குப் பாதிக் குளிசை கொடுங்கள், பாதிப் பயம் சரி.

வில்லும்நாணும்:
மாமா, தயவுசெய்து இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அது புரோப்ரனோலோல் ஆக இருக்கும். நெஞ்சடிப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும் என்பது உண்மை, வெளிநாட்டு இசைக்காரர் சிலர் பாவிக்கிறார்கள். ஆனால் தொய்வு உள்ள பிள்ளைக்கு அது மூச்சையே அடைக்கலாம். டொக்டர் பார்க்காமல் அயல் வீட்டுக் குளிசையைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கிற விஷயமில்லை. பாடம் இல்லாத கீர்த்தனையையும் அது பாடமாக்காது.

ஊரெழு_மாமா:
நான் நல்லதுக்குச் சொன்னேன். இந்தக் காலத்தில் வாயே திறக்கக்கூடாது போல.

தொப்பி_வலந்தலை:
மாமா விடுங்கள். இங்கே ஒரே ஆள்தான் வாசிக்கலாம், மற்றவர்கள் பக்கவாத்தியம்.

நீர்வேலி_அம்மா:
குளிசை வேண்டாம், மகளுக்கு ஏற்கெனவே இழுப்பு இருக்கிறது. நான் "பதறாதே, அமைதியாக இரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லச் சொல்லக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

வில்லும்நாணும்:
அதைச் சொல்வதை நிறுத்திப் பாருங்கள் அக்கா. 2014இல் புரூக்ஸ் என்பவர் ஆட்களைக் கரோக்கி பாட வைத்தார். பாட முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொன்னவர்கள், "பதற்றமாக இருக்கிறது" என்று சொன்னவர்களை விடச் சுருதி பிசகாமல் பாடினார்கள். நெஞ்சடிப்பு குறையவில்லை, அதற்கு வைத்த பெயர்தான் மாறியது. அடிக்கிற நெஞ்சை நிறுத்துவது பெரிய வேலை, அடிக்கிறதோடு வாசிப்பது அதைவிடச் சின்ன வேலை.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். முற்றத்தில் ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போதே உட்கார வைத்து முதல் உருப்படியை வாசிக்கச் சொல்லுங்கள். ஃபோனில் பதிந்து, எந்த இடத்தில் வில் குதித்தது என்று இரண்டு பேரும் கேளுங்கள். அந்த இடத்தை மட்டும் தனியே எடுத்துச் சாதகம். வாசிப்பதற்கு இடையில் நிறுத்த விடாதீர்கள். சபையில் யாரும் நிறுத்தித் தர மாட்டார்கள்.

வளைகோடு_மாஸ்டர்:
கரோக்கி பாடினவர்களை வைத்துக் கர்நாடக சங்கீதத்துக்குத் தீர்ப்பா? எலி பிழை, கரோக்கி சரியோ? மனக்கவலை கூடின ஆளுக்கு மலைச்சரிவு மாதிரி மெல்ல இறங்காமல் பொத்தென்று விழும் என்று ஹார்டி என்பவர் சொன்னதையும் நான் படிப்பிக்கிறேன், உங்களுக்குத் தெரியுமோ தெரியாது.

வில்லும்நாணும்:
தெரியும். அதற்கான சான்று கலவையாக இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் அது சரியென்றால் உங்கள் மலைதான் முதலில் இடியும் மாஸ்டர். அதன்படி ஒருதரம் விழுந்தவர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டால் விழுந்த இடத்துக்குத் திரும்ப ஏற முடியாது, நன்றாகத் தணிந்த பிறகுதான் ஏறலாம். "பாதிப் பயத்துக்கு வா" என்று மேடையில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்வதில் பிறகு என்ன பலன்? கரோக்கி பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி, அதை வில்லில் யாரும் பார்த்ததாக நான் சொல்லவில்லை. எலியில் மட்டும் திரும்பவும் சொல்கிறேன், இலேசான பெட்டியில் கோடு இறங்கவில்லை.

வளைகோடு_மாஸ்டர்:
கரண்ட் போதாது.

வில்லும்நாணும்:
இறங்கவில்லை.

உயர்தரம்_பயோ:
மாஸ்டர், சோதனையில் இந்த வளைகோடு வந்தால் எதைக் கீற?

வளைகோடு_மாஸ்டர்:
மலையைக் கீறு தம்பி, புள்ளி வரும். அக்காவின் கோட்டைக் கீறினால் அக்காவிடம் புள்ளி வாங்கு.

தொப்பி_வலந்தலை:
அந்தக் கச்சேரியின் பதிவு என்னிடம் இருக்கிறது. மெட்ரோநோம் வைத்துப் பார்க்க யாருக்கும் விருப்பமா?

வில்லும்நாணும்:
போடுங்கள். தனியாவர்த்தனத்தில் எட்டு அட்சரத்தை எப்படி எண்ணினீர்கள் என்பதையும் சேர்த்து முழுசாகப் போடுங்கள், வெட்டாமல்.