கைப்பெட்டியில் பதிந்துள்ள பேட்டரியைக் கழற்ற உதவி தேவை

அடுத்த வாரம் அம்மாவுடன் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஏடிஆர் 72 விமானத்தில் செல்கிறேன். அதில் தலைக்கு மேலுள்ள அடுக்குகள் சிறியவை என்பதால், அவை நிரம்பியதும் கைப்பெட்டிகளை விமானத்தின் வாசலிலேயே வாங்கிச் சரக்கறையில் ஏற்றிவிடுகிறார்கள்.

முதலில் எடுக்க வேண்டியவற்றை ஒரு துணிப்பையில் போட்டு, பெட்டியின் மேற்புறத்திலேயே வைத்துவிட்டேன். தீப்பிடித்தால் சரக்கறையில் ஊழியர்கள் எட்டி அணைக்க இயலாது என்பதால் பவர் பேங்க், உறைந்தால் பயனற்றுப் போகும் என்பதால் அம்மாவின் இன்சுலின், பிறகு மடிக்கணினியும் ஆவணங்களும் அதில் உள்ளன.

சிக்கல் பெட்டியில்தான் இருக்கிறது. 55 செ.மீ. உயரமுள்ள அந்தப் பெட்டியின் கைப்பிடிக்குக் கீழே, செல்பேசிக்கு மின்னேற்றம் செய்வதற்கான 10,000 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி, அதாவது சுமார் 37 வாட் மணி, பதிக்கப்பட்டுள்ளது. 2.7 வாட் மணிக்கு மேற்பட்ட பேட்டரியைக் கழற்ற முடியாவிட்டால் பெட்டியைச் சரக்கறையில் ஏற்றக் கூடாது என்பது விதி. கழற்றலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

உள்துணியின் ஜிப்பைத் திறந்து திருகுகளை அவிழ்த்துவிட்டேன். ஆனால் யுஎஸ்பி கம்பியின் இணைப்பான் பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் அசையவே இல்லை. விற்றவர்களிடமிருந்து பதில் வரவில்லை; செல்பேசி பழுதுபார்க்கும் கடையில் தொடவே மறுத்துவிட்டார்கள். கம்பியை வெட்டினால் முனைகள் உரசி மின்கசிவு ஏற்படலாம் என்பதால் அதை நான் செய்யவில்லை.

இவ்வாறு ஒட்டப்பட்ட இணைப்பானைக் கம்பியை வெட்டாமல் பாதுகாப்பாகப் பிரித்தவர்கள் இருந்தால், எப்படிப் பிரித்தீர்கள் என்று சொல்ல முடியுமா?